"பெரும்பாலும்", "ஒழிய": டூல்மின் மாதிரியில் இவற்றை எங்கே, எவ்வளவு வைப்பது?

உமையாள்_திருச்சி

கல்லூரி விவாதப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். வாதத்தைப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டும் டூல்மின் மாதிரியில் கூற்று, சான்று, இரண்டையும் இணைக்கும் வாரண்ட், இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டார்கள். "பெரும்பாலும்" போன்ற வரம்புச்சொல்லும் "ஒழிய" என்று வரும் விலக்கு நிபந்தனையும் வந்ததும் தடுமாறுகிறார்கள். ஒரு மாணவி எழுதிய பத்தியை அப்படியே தருகிறேன்:

"ரவி 1985ஆம் ஆண்டு மதுரையில் பிறந்தவர். பிறப்புச் சான்றிதழ் உள்ளது. இந்தியாவில் பிறந்தவர்கள் பெரும்பாலும் இந்தியக் குடிமக்கள். எனவே, சில விதிவிலக்குகள் தவிர, ரவி பெரும்பாலும் இந்தியக் குடிமகனாக இருக்கலாம்."

நடுவர் ஓரத்தில் "இதில் நீ எதையும் சொல்லவில்லை" என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். வரம்புச்சொல் போடு, விலக்கு போடு என்று சொன்னதே நான்தான். அவள் இரண்டையும் போட்டிருக்கிறாள். எங்கே தப்பு?

பேராவூரணி_பாபு

மேடம், தப்பு ரொம்பச் சின்னது. "பெரும்பாலும்", "இருக்கலாம்" இரண்டையும் தூக்கிவிடுங்கள். தயங்கிப் பேசுகிறவனுக்கு எந்த நடுவரும் மார்க் போட மாட்டார். அடுத்து, விலக்கு என்றால் எதிரணி சொல்லப்போகும் மறுப்பு. "ரவி வெளிநாட்டுக்காரர் என்று நீங்கள் சொல்லலாம், ஆனால் அது தவறு, ஏனென்றால்..." என்று தனிப் பத்தி எழுதி அதை உடைத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

ஏரிக்கரை

பாபு சொல்வதில் பாதி சரி. "இருக்கலாம்" போக வேண்டும். மற்றதை ஏற்க முடியவில்லை.

எதிரணியின் வாதத்தை எடுத்து உடைப்பது வேறு வேலை. விலக்கு நிபந்தனை என்பது வாரண்ட் எந்தச் சூழ்நிலையில் ஓடாது என்று கூற்றைச் சொல்பவரே முன்கூட்டி எழுதி வைப்பது. அதை உடைக்கத் தேவையில்லை. அந்தச் சூழ்நிலை இங்கே இருக்கிறதா, இல்லையா என்று பார்த்தால் போதும்.

டூல்மின் 1958இல் கொடுத்த எடுத்துக்காட்டும் குடியுரிமைதான். ஹாரி பெர்முடாவில் பிறந்தான். ஆகவே பிரிட்டிஷ் பிரஜை என்றே கொள்ள வேண்டும். பெற்றோர் இருவரும் அந்நியராக இருந்தாலோ, அவன் அமெரிக்கக் குடிமகனாக மாறியிருந்தாலோ ஒழிய. இந்த "ஒழிய"வுக்குப் பின்னால் வருபவை எதிரியின் வாய்ச்சொற்கள் இல்லை. போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய நிலவரங்கள்.

இனி மாணவியின் பத்தி. "பெரும்பாலும்" இரண்டு இடத்தில் வருகிறது, ஆனால் இரண்டும் ஒரே பொருளில் இல்லை. "பிறந்தவர்கள் பெரும்பாலும் குடிமக்கள்" என்பது ஆட்கணக்கு, நூற்றில் எத்தனை பேர் என்ற பேச்சு. "ரவி பெரும்பாலும் குடிமகன்" என்றால் ரவியில் எண்பது பங்கு குடிமகனா? ஒரே ஆளைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல் நிற்காது. அங்கே வேண்டியது நம்பிக்கையின் அளவைச் சொல்லும் சொல். தமிழில் அதற்குப் படிகள் இருக்கின்றன:

"குடிமகனாக இருக்கலாம்": இல்லாமலும் போகலாம், இரண்டுக்கும் கதவு திறந்திருக்கிறது.
"குடிமகனாகத்தான் இருக்க வேண்டும்": சான்று அந்தப் பக்கம் தள்ளுகிறது, இன்னும் உறுதி செய்யவில்லை.
"மாறாகச் சான்று வராதவரை குடிமகன் என்றே கொள்ள வேண்டும்": விதி நம் பக்கம், இனி அசைக்க வேண்டியவர் எதிரில் இருப்பவர்.
"குடிமகன்": விலக்குகளையும் பார்த்து முடித்தாகிவிட்டது.

டூல்மின் போட்ட சொல் இதில் மூன்றாவது. நம் பிள்ளைகள் மரியாதைக்காக முதலாவதைப் போடுகிறார்கள். "நாளைக்கு வரலாம்" என்று ஒருவர் சொன்னால் வருவார் என்று யார் சமைத்து வைப்பார்கள்? நடுவர் கோபப்பட்டது அதற்குத்தான்.

கறுப்புக்கோட்டு

எடுத்துக்காட்டு குடியுரிமை என்பதால் சட்டத்தையும் சரியாக வைத்துப் பேசலாம். வரம்பு எப்படி வேலை செய்கிறது என்பதும் அதிலேயே தெரியும்.

"இந்தியாவில் பிறந்தவர் இந்தியக் குடிமகன்" என்று ஒரு வாரண்ட் கிடையாது. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவில், பிறந்த தேதியைப் பொறுத்து மூன்று வாரண்டுகள் இருக்கின்றன.

26.1.1950 முதல் 30.6.1987 வரை பிறந்தவருக்கு இந்திய மண்ணில் பிறந்ததே போதும். பெற்றோர் யார் என்ற கேள்வி இல்லை.

1.7.1987 முதல் 2.12.2004 வரை பிறந்தவருக்கு, பிறந்த நேரத்தில் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருந்திருக்க வேண்டும்.

3.12.2004 முதல் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாக இருந்து, மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இல்லாமல் இருக்க வேண்டும்.

இந்த மூன்றுக்கும் பொதுவாக இரண்டு விலக்குகள் 3(2)இல் உள்ளன. பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டுத் தூதருக்குரிய சட்டப் பாதுகாப்பு பெற்ற, இந்தியர் அல்லாதவராக இருப்பது ஒன்று. பெற்றோரில் ஒருவர் எதிரிநாட்டவராக இருந்து, எதிரியின் பிடியில் இருந்த இடத்தில் பிறப்பு நிகழ்ந்திருப்பது இன்னொன்று.

ரவி 1985. முதல் வாரண்ட். ஆகவே "சில விதிவிலக்குகள்" என்று மூட்டையாகக் கட்ட வேண்டியதே இல்லை. இருப்பவை இரண்டு. மதுரை 1985இல் எதிரியின் பிடியில் இல்லை, ஒன்று போயிற்று. தந்தை கொத்தனார், தாய் சத்துணவு அமைப்பாளர் என்று தெரிந்தால் மற்றதும் போயிற்று. அதன்பின் "பிறப்பால் குடிமகன்" என்று பட்டென்று சொல்லலாம், "லாம்" வேண்டாம்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. மண்டபம் அகதி முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தரும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. பெற்றோர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். ஆனால் பிறந்த தேதி 1987 ஜூலைக்கு முந்தியது. முதல் வாரண்ட் பெற்றோரைக் கேட்பதில்லை. அதே முகாமில், அதே பெற்றோருக்கு இரண்டு வருடம் கழித்து ஒரு தம்பி பிறந்திருந்தால் இந்த வாதம் அவனுக்கு ஓடாது. வாரண்டின் கை எட்டும் தூரம் அந்த ஒரு தேதியில் முடிகிறது.

விமானம்_பிடிக்கணும்

வணக்கம். என் அக்கா மகள் 1996இல் சென்னையில் பிறந்தாள். அக்கா இந்தியர், மாமா இலங்கைக் குடிமகன். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பிறப்புச் சான்றிதழ் மட்டும் வைத்தால் போதுமா? இங்கே குடியுரிமை பற்றிப் பேசுவதால் கேட்கிறேன்.

கறுப்புக்கோட்டு

இது விவாதக்கலை இழை நண்பரே, பாஸ்போர்ட் இழை இல்லை. ஆனாலும் உங்கள் கேள்வி இங்கே பொருந்துகிறது. 1996 என்பதால் இரண்டாவது வாரண்ட். பிறப்புச் சான்றிதழ் இடத்தையும் தேதியையும்தான் சொல்லும். அதை மட்டும் வைத்தால் "குடிமகளாக இருக்கலாம்" என்பதற்கு மேல் ஒரு படி ஏற முடியாது. 1996இல் அக்கா இந்தியக் குடிமகளாக இருந்தார் என்பதற்கான ஆவணம் சேர்ந்தால்தான் வாரண்ட் ஓடத் தொடங்கும். இன்று அவர் இந்தியர் என்பது போதாது, பிறந்த நேரத்தில் இருந்திருக்க வேண்டும். மாமா அப்போது தூதரகப் பாதுகாப்புள்ள பதவியில் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆவணங்களோடு ஒரு வக்கீலை நேரில் பாருங்கள்.

ஏரிக்கரை

அருமையான எடுத்துக்காட்டு வந்து விழுந்திருக்கிறது. உமையாள் மேடம், இதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1985க்கும் 1996க்கும் ஒரே மாதிரியான சான்றிதழ்தான். ஆனால் அதே தாள் முதலாவதில் "என்றே கொள்ள வேண்டும்" வரை தூக்குகிறது, இரண்டாவதில் "இருக்கலாம்" என்பதோடு நின்றுவிடுகிறது. வரம்புச்சொல் சான்றின் தரத்தால் மட்டும் வருவதில்லை. இந்தச் சான்றைக் கொண்டு இந்த வாரண்ட் எவ்வளவு தூரம் போகும் என்பதால் வருகிறது. பேச்சாளரின் அடக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பிள்ளைகள் செய்யும் வேலையை நான்கு படியாகச் சொல்லிக்கொடுக்கலாம். முதலில் வரம்பே இல்லாமல் கூற்றை எழுது. அடுத்து வாரண்டை முழு வாக்கியமாக எழுதி, அது எந்தத் தேதிக்கு, எந்த இடத்துக்கு என்று குறி. பிறகு அந்த வாரண்டை நிறுத்தக்கூடியவற்றை ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் "பார்த்தாயிற்று", "பார்க்கவில்லை", "பார்க்க வழியில்லை" என்று ஏதாவது ஒன்றைப் போடு. கடைசியில் அந்தக் குறிப்புகளைப் பார்த்து வரம்புச்சொல்லைத் தேர்ந்தெடு. எல்லாம் பார்த்தாயிற்று என்றால் வரம்புச்சொல் தேவையில்லை. பார்க்காதது மிச்சம் இருந்தால் அதைப் பெயர் சொல்லி வாக்கியத்தில் வை. நம் பிள்ளைகள் தலைகீழாகச் செய்கிறார்கள். "பெரும்பாலும்" முதலில் வந்துவிடுகிறது, காரணம் பிறகு தேடப்படுகிறது.

உமையாள்_திருச்சி

படிகள் தெளிவாக இருக்கின்றன, நன்றி. இன்னொரு மாணவன் ரவிக்கு இப்படி விலக்குப் பட்டியல் தந்திருக்கிறான். இதில் எது நிற்கும், எது நிற்காது?

1. ரவி தூதரின் மகனாக இருந்தால்
2. பிறப்புச் சான்றிதழ் போலியாக இருந்தால்
3. ரவி கனடா குடியுரிமை வாங்கியிருந்தால்
4. அரசு ரவியின் குடியுரிமையைப் பறித்திருந்தால்
5. ரவி இந்தியக் குடிமகன் அல்லாதவராக இருந்தால்

கறுப்புக்கோட்டு

1 நிற்கும். 3ம் நிற்கும், 9ஆம் பிரிவின்படி, தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். 8ஆம் பிரிவின்படி தானே துறப்பதையும் அவன் சேர்த்திருக்க வேண்டும், விட்டுவிட்டான்.

4 பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் இங்கே வேலை செய்யாது. குடியுரிமையைப் பறிக்கும் 10ஆம் பிரிவு பதிவாலோ இயல்புரிமையாலோ குடியுரிமை பெற்றவர்கள் போன்ற சிலருக்கானது. பிறப்பால் குடிமகனானவர் அதில் வரமாட்டார். சட்டத்தில் இருக்கிறது என்பதற்காக எல்லாம் விலக்காகிவிடாது, இந்த வாரண்டைத் தொட வேண்டும்.

ஏரிக்கரை

5 வெறும் வட்டம். "மழை பெய்யும், பெய்யாமல் போனால் ஒழிய" என்பது போல. கூற்றின் மறுதலையையே விலக்காக எழுதினால் எந்தச் சான்றாலும் அதைப் பொய்யாக்க முடியாது. மாணவி எழுதிய "சில விதிவிலக்குகள் தவிர" என்பதும் இதே நோய்தான். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நிபந்தனையைக் கூற்றிலிருந்து தனியாக எடுத்து, "இதை எந்தத் தாளைப் பார்த்து, யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாய்?" என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அது விலக்கு இல்லை.

2இல் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும். போலிச் சான்றிதழ் என்பது வாரண்டின் விலக்கு இல்லை, சான்றின் மேல் வரும் சந்தேகம். விதி அப்படியே நிற்கிறது; விதிக்குள் போட வேண்டிய பொருள்தான் கைக்கு வரவில்லை. அதை விலக்கில் தள்ளினால், எல்லா வாதத்திலும் "சான்று பொய்யாக இருந்தால் ஒழிய" என்று எழுத வேண்டிவரும். சான்றிதழ் எப்போது பதிவானது, பிறந்த உடனேயா பல வருடம் கழித்தா என்று சான்று வரியிலேயே எழுதிவிட வேண்டும்.

1க்கும் 3க்கும் ஒரு வித்தியாசம் இருப்பதையும் கவனியுங்கள். தூதரின் பிள்ளை ஒருநாளும் இந்தியக் குடிமகனாக இருந்ததே இல்லை. கனடா குடியுரிமை வாங்கியவர் அதற்கு முந்தின நாள் வரை இருந்தார். கூற்று "ரவி பிறப்பால் குடிமகனானவர்" என்றால் 3 அதை அசைக்காது. "ரவி இன்று குடிமகன்" என்றால் அசைக்கும். எந்த விலக்கு பொருந்தும் என்பது கூற்றின் காலத்தைப் பொறுத்தது. டூல்மினே இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டுப் போனார் என்பது என் குறை.

பழஞ்சுவடி

இதையெல்லாம் நம் தருக்க நூலார் எப்போதோ சொல்லிவிட்டார்கள். "தீ உள்ள இடத்தில் புகை உண்டு" என்று விதி செய்தால் பழுக்கக் காய்ச்சிய இரும்புருண்டை வந்து அதைக் கெடுக்கும். அங்கே தீ உண்டு, புகை இல்லை. விறகில் ஈரம் இருந்தால்தான் புகை. அந்த ஈரத்தை உபாதி என்றார்கள். டூல்மினின் விலக்கும் நியாய மரபின் உபாதியும் ஒன்றே. வெளிநாட்டுப் பெயர் வைத்துக் கொண்டாட வேண்டாம்.

ஏரிக்கரை

ஐயா, உறவு இருக்கிறது, ஒன்றல்ல. உபாதி கண்டுபிடிக்கப்பட்டதும் "தீ இருந்தால் புகை" என்ற விதியே குற்றமுள்ளது என்று தள்ளப்படுகிறது. டூல்மினிடம் தூதரின் பிள்ளை ஒருவர் வந்ததால் "1987க்கு முன் இங்கே பிறந்தவர் குடிமகன்" என்ற வாரண்ட் செத்துப்போவதில்லை. மற்ற எல்லாருக்கும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

பழஞ்சுவடி

ஈரத்தைச் சேர்த்து "ஈர விறகுத் தீ இருந்தால் புகை" என்று திருத்திக்கொண்டால் விதி பிழைத்துவிடுகிறதே. அப்படியானால் உங்கள் தூதர் விலக்கையும் வாரண்டுக்குள்ளேயே சேர்த்து எழுதிவிடலாம். வெளியே தனியாகத் தொங்கவிடுவானேன்?

கறுப்புக்கோட்டு

நல்ல கேள்வி. சட்டத்தில் இதற்கு விடை, யார் தலையில் நிரூபிக்கும் சுமை என்பதில் இருக்கிறது. வாரண்டுக்குள் இருக்கும் நிபந்தனையைக் கூற்று சொல்பவர் நிரூபிக்க வேண்டும். விலக்காக வெளியே இருந்தால், அது இருக்கிறது என்று காட்டுவது எதிரே இருப்பவர் வேலை. 1996இல் பிறந்த பெண்ணுக்கு "தாய் இந்தியர்" என்பது உள்ளே இருக்கிறது, ஆகவே அவர் காட்ட வேண்டும். எழுத்தில் ஒரு வரியை இடம் மாற்றினால் சுமை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறிவிடுகிறது.

ஆனால் இதுவும் மன்றத்துக்கு மன்றம் மாறும். 1946 வெளிநாட்டவர் சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஒருவர் வெளிநாட்டவரா என்ற கேள்வி எழுந்தால், இல்லை என்று காட்டும் சுமையை அவர் மேலேயே வைத்தது. அங்கே போய் "மாறாகச் சான்று வராதவரை குடிமகன் என்றே கொள்ள வேண்டும்" என்று ஆரம்பித்தால் அந்த வரம்புச்சொல் செல்லாது. விவாத மேடையில் சரியாக இருந்த அதே சொல்தான்.

பழஞ்சுவடி

அப்படியானால் உள்ளே, வெளியே என்பது தருக்கத்தின் இயல்பு இல்லை, மன்றத்தின் ஏற்பாடு. நான் சொன்னதும் அதுதான்.

ஏரிக்கரை

சட்டத்தில் ஒப்புக்கொள்கிறேன். மருத்துவத்திலும் விவசாயத்திலும் அப்படித்தானா என்பதில் எனக்குச் சந்தேகம். அங்கே சுமையைப் பிரித்துக் கொடுக்க யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

வயல்வெளி_ஆய்வு

விவசாயம் என்றதும் நுழைகிறேன். என் ஆய்வேட்டில் ஒரு நிலையத்தில், ஒரு சம்பாப் பருவத்தில், செம்மண்ணில் நடத்திய நெல் சோதனை. முடிவுரையில் "இந்த உர அளவு தமிழகத்தில் மகசூலைக் கூட்டும் (p < 0.05)" என்று எழுதினேன். வழிகாட்டி வரம்பு இல்லை என்கிறார். p மதிப்புதானே வரம்பு?

ஏரிக்கரை

அது ஒரே ஒரு சந்தேகத்துக்குத்தான் பதில். உரம் எந்த வேலையும் செய்யாதிருந்தால், உங்கள் பாத்திகளுக்குள் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வருவது அரிது என்கிறது. களிமண்ணில் என்ன ஆகும், குறுவையில் என்ன ஆகும் என்பது பற்றி அந்த எண் வாயே திறக்கவில்லை. அவற்றை வார்த்தையில்தான் எழுத வேண்டும்: "செம்மண்ணில், சம்பாவில், பாசனம் தடைபடாதவரை". தமிழகம் முழுதும் என்று போக வேண்டுமானால் மற்ற மண்களிலும் பருவங்களிலும் சோதனை வேண்டும். எண்ணை எவ்வளவு சின்னதாக்கினாலும் நிலப்பரப்பு விரியாது.

பேராவூரணி_பாபு

சரி, விலக்கு பற்றி நான் சொன்னது தவறு என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேடையில் மூன்று நிமிடம்தான். இத்தனை "ஒழிய" போட்டால் கூற்று எப்போது வரும்?

ஏரிக்கரை

எல்லாவற்றையும் மேடையில் சொல்ல வேண்டாம். "பார்த்தாயிற்று" என்று குறித்தவை தயாரிப்புத் தாளில் இருக்கட்டும், கேட்டால் எடுத்துக்கொடுக்கலாம். பார்க்காததை மட்டும் வாயால் சொல்ல வேண்டும். இன்னொன்று, ஒரே சந்தேகத்தை இரண்டு முறை எண்ணாதீர்கள். "கனடா குடியுரிமை வாங்கியிருந்தால் ஒழிய" என்று சொன்ன பிறகும் "இருக்கலாம்" என்று தொங்கினால், அந்த "லாம்" எதற்காக என்று நடுவர் கேட்பார். நிபந்தனையில் சொன்ன சந்தேகத்தைச் சொல்லில் மறுபடி கழிக்கக் கூடாது.

உமையாள்_திருச்சி

மாணவியிடம் இழையைப் படிக்கக் கொடுத்தேன். திருத்தி எழுதியது இது:

"ரவி 1985இல் மதுரையில் பிறந்தார், பிறப்பு அதே மாதம் மாநகராட்சியில் பதிவாகியிருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவருக்குப் பிறப்பே குடியுரிமை தருகிறது. தந்தையும் தாயும் வெளிநாட்டுத் தூதரகப் பணியில் இருந்தவர்கள் அல்ல. ஆகவே ரவி பிறப்பால் இந்தியக் குடிமகன். பின்னர் அவர் வேறு நாட்டுக் குடியுரிமை பெறவோ இந்தியக் குடியுரிமையைத் துறக்கவோ செய்திருந்தால் ஒழிய, இன்றும் குடிமகன்."

கறுப்புக்கோட்டு

நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஒரு ஓட்டை. 8ஆம் பிரிவின்படி தந்தையோ தாயோ குடியுரிமையைத் துறந்தால், அவர்களுடைய மைனர் பிள்ளையின் குடியுரிமையும் போய்விடும். ரவி தானே எதுவும் செய்யாமலேயே இழந்திருக்கலாம். "அவர்" என்று மட்டும் எழுதியதால் அது விடுபடுகிறது. 2003க்கு முன், அவருக்குப் பதினெட்டு ஆகும்வரை, பெற்றோர் துறந்தார்களா என்றும் கேட்க வேண்டும்.

பழஞ்சுவடி

அதே பிரிவில் பதினெட்டு ஆனபின் ஓராண்டுக்குள் அறிவிப்புக் கொடுத்து மீட்டுக்கொள்ளவும் வழி இருக்கிறதே. ஆக, விலக்குக்கு ஒரு விலக்கு. அதை உங்கள் படத்தில் எங்கே வரைவீர்கள்?

ஏரிக்கரை

டூல்மின் படத்தில் அதற்கு இடம் இல்லை. நான் விலக்கையே தனிக் கூற்றாக எடுத்து, அதற்கு இன்னொரு படம் வரைவேன். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லட்டும்.